சமதூரம் தாங்காத சங்கிலி

1967-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஹிடேகி ஷிராகாவா அசிட்டிலீன் வாயுவிலிருந்து பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமரைத் தயாரிக்கும் முறையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அந்தப் பொருள் அதுவரை யாருக்கும் கரும்பொடியாகத்தான் கிடைத்திருந்தது. எதிலும் கரையாது, உருகாது, வேறு வேலைக்கும் ஆகாது. அவரோடு வேலை செய்த விருந்தினர் ஆய்வாளர் ஒருவர் ஒருநாள் வினையூக்கியைச் சொன்ன அளவைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அதிகமாகச் சேர்த்துவிட்டார். அன்று குடுவையில் பொடி விழவில்லை. வினையூக்கிக் கரைசலின் மேல் ஒரு மெல்லிய படலம் படிந்தது. பிறகு ஷிராகாவா அதே முறையைச் செப்பனிட்டு, வெப்பநிலையை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார். குளிரில் செய்த படலம் செப்பு நிறத்திலும், 150 டிகிரி செல்சியஸில் செய்தது வெள்ளி நிறத்திலும் கிடைத்தன.

வெள்ளிப் படலம் அலுமினியத் தாளைப் போலப் பளபளத்தது. ஆனால் மின்சாரத்தைக் கடத்துவதில் அது உலோகத்தின் பக்கத்தில்கூட வரவில்லை. சாதாரணக் குறைக்கடத்தியைப் போலத்தான் நடந்துகொண்டது. பார்க்க உலோகம், சோதித்தால் உலோகம் அல்ல.

இதில் வியக்க என்ன இருக்கிறது, பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பது தெரிந்ததுதானே என்று கேட்கலாம். ஆனால் இந்தச் சங்கிலியின் எலக்ட்ரான் கணக்கைப் பார்த்தால் அது உலோகமாகத்தான் இருந்திருக்க வேண்டும். கார்பன் அணு ஒவ்வொன்றுக்கும் பிணைப்பில் பங்கெடுக்கும் எலக்ட்ரான்கள் நான்கு. இடப்பக்கக் கார்பனுக்கு ஒன்று, வலப்பக்கக் கார்பனுக்கு ஒன்று, ஒரு ஹைட்ரஜனுக்கு ஒன்று என மூன்று செலவாகிவிடுகின்றன. மிஞ்சுவது ஒன்று. அந்த ஒற்றை எலக்ட்ரான் தன் அணுவோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, சங்கிலி நெடுகப் பரவலாம். ஆக, இது அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் கொண்ட ஒற்றைப் பரிமாணச் சங்கிலி.

ஆயிரம் அணுக்கள் கோத்த சங்கிலி என்றால், பரவும் எலக்ட்ரான்களுக்கு ஆயிரம் ஆற்றல் மட்டங்கள் கிடைக்கும். அவை ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி ஒரு பட்டையாக அமையும். ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு எலக்ட்ரான்கள் அமரலாம். ஆயிரம் எலக்ட்ரான்களும் கீழிருந்து அமர்ந்தால் சரியாகப் பாதிப் பட்டை நிரம்பும். நிரம்பிய கடைசி மட்டத்துக்கு ஒட்டி மேலேயே காலி மட்டம் இருப்பதால், சிறிய மின்னழுத்தம் கொடுத்தாலே எலக்ட்ரான்கள் அங்கே தாவி ஓடத் தொடங்கும். பாதி நிரம்பிய பட்டை உள்ள பொருளை உலோகம் என்கிறோம். சோடியமும் செம்பும் அப்படிப்பட்டவைதான். பாலிஅசிட்டிலீன் மட்டும் ஏன் விலகி நிற்கிறது?

இந்தப் படலம் பிறப்பதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே அதற்கான பதில் அச்சாகியிருந்தது. ருடால்ஃப் பையர்ல்ஸ் 1907-இல் பெர்லினில் பிறந்து பிரிட்டனில் குடியேறிய இயற்பியலர். அணுகுண்டு சாத்தியமே என்று 1940-இல் ஓட்டோ ஃப்ரிஷ்ஷுடன் சேர்ந்து குறிப்பு எழுதியவர் என்ற வகையில்தான் பலரும் அவரை அறிவார்கள். திடப்பொருள்களின் குவாண்டம் கோட்பாடு பற்றி அவர் எழுதிய நூல் 1955-இல் வெளியானது. சம இடைவெளியில் அணுக்கள் நிற்கும் ஒற்றைப் பரிமாண உலோகம் நிலைக்காது, அது தானாகவே உருக்குலைந்து மின்கடத்தாப் பொருளாகிவிடும் என்று அதில் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். இந்த முடிவு தமக்கே வியப்பாக இருந்தது என்றும், உண்மையில் ஒற்றைப் பரிமாணப் பொருள் எதுவும் இல்லாததால் ஏட்டளவில் மட்டுமே பொருள்படும் என எண்ணித் தனிக் கட்டுரையாக வெளியிடவில்லை என்றும் அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அவருடைய வாதத்தைக் காகிதத்தில் கூட்டல் குறியும் கழித்தல் குறியும் போட்டே பின்தொடரலாம். எலக்ட்ரான் ஓர் அலை. அலைக்கு ஓர் அணுவின் மேல் கூட்டல் குறி இருக்கலாம், இன்னோர் அணுவின் மேல் கழித்தல் குறி இருக்கலாம். அடுத்தடுத்த இரண்டு அணுக்களில் ஒரே குறி இருந்தால் அந்த எலக்ட்ரான் அவ்விரண்டையும் பிணைக்கிறது, அதனால் ஆற்றல் குறைகிறது. எதிரெதிர்க் குறிகள் இருந்தால் பிணைப்பு கெடுகிறது, ஆற்றல் ஏறுகிறது. பட்டையின் அடிமட்டத்தில் எல்லா அணுக்களிலும் ஒரே குறி. உச்சத்தில் அணுவுக்கு அணு குறி மாறுகிறது.

நமக்கு வேண்டியது பட்டையின் நட்டநடு மட்டம். எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் எல்லை அதுதான். அந்த மட்டத்தில் அலையின் நீளம் நான்கு அணு இடைவெளி. அதை இரண்டு விதமாக எழுதலாம்:

+ + − − + + − −

+ − − + + − − +

முதல் வரிசையில் ஒன்றாம் அணுவும் இரண்டாம் அணுவும் ஒரே குறி, இரண்டும் மூன்றும் எதிர்க்குறி, மூன்றும் நான்கும் மறுபடி ஒரே குறி. இரண்டாம் வரிசையில் எல்லாம் ஓர் இடம் தள்ளி நிற்கிறது. அணுக்கள் சம தூரத்தில் இருக்கும்வரை ஓரிடத்தில் கிடைத்த ஆதாயம் அடுத்த இடத்தில் கழிந்துவிடும். எனவே இரு வரிசைகளுக்கும் ஆற்றல் ஒன்றே. இரண்டு மட்டங்கள் ஒரே உயரத்தில் நிற்கின்றன. அவற்றில் நான்கு எலக்ட்ரான்களுக்கு இடம் உண்டு, ஆனால் வந்து சேர்வதோ இரண்டுதான்.

இப்போது ஒன்றுவிட்டு ஒன்றாக அணுக்களை எதிரெதிர்த் திசையில் சற்றே நகர்த்திப் பார்ப்போம். ஒன்றும் இரண்டும் நெருங்குகின்றன, இரண்டும் மூன்றும் விலகுகின்றன, மூன்றும் நான்கும் நெருங்குகின்றன. முதல் வரிசையில் ஒரே குறி உள்ள இடங்களெல்லாம் நெருங்கிய இடங்களாகிவிட்டன. அங்கே பிணைப்பு வலுக்கிறது. எதிர்க்குறி உள்ள இடங்கள் விலகிவிட்டதால் அங்கே கேடு குறைகிறது. இரண்டு வகையிலும் ஆதாயம்தான், அந்த மட்டம் கீழே இறங்குகிறது. இரண்டாம் வரிசைக்கு நேர் எதிராக நடக்கிறது, அந்த மட்டம் மேலே ஏறுகிறது. எலக்ட்ரான்கள் இறங்கிய மட்டத்தில் அமர்ந்துகொள்கின்றன. ஏறிய மட்டம் காலியாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே எலக்ட்ரான் நிற்க முடியாத ஓர் ஆற்றல் இடைவெளி திறந்துவிட்டது.

எல்லைக்குச் சற்றுக் கீழே உள்ள மட்டங்களும் இதேபோல் இறங்குகின்றன, ஆனால் எல்லையிலிருந்து விலக விலக இறக்கம் குறைகிறது. அடிமட்டத்தில் எல்லாக் குறியும் ஒன்றே என்பதால் நெருங்கிய இடத்தில் கிடைப்பது விலகிய இடத்தில் போய்விடுகிறது, அங்கே மாற்றம் இல்லை. எல்லைக்கு மேலே உள்ள மட்டங்களும் அதே அளவு ஏறுகின்றன. அவற்றில் எலக்ட்ரான் இல்லாததால் அந்த ஏற்றத்துக்கு யாரும் விலை கொடுக்க வேண்டியதில்லை. வாதத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பட்டை முழுவதும் நிரம்பியிருந்தால் இறங்கியதும் ஏறியதும் சமமாகி, நகர்வதால் ஒரு பலனும் இருந்திருக்காது. பாதி நிரம்பியதால்தான் அணுக்கள் இரண்டிரண்டாக இணை சேர்கின்றன.

இப்படி இணை சேர்வதற்கு வேதியியலில் மிக எளிய உதாரணம் உண்டு. ஹைட்ரஜன் அணுக்களை ஒரு கோட்டில் சம தூரத்தில் நிறுத்தியதாகக் கற்பனை செய்யலாம். அணுவுக்கு ஓர் எலக்ட்ரான். அவை அப்படியே நின்று உலோகக் கம்பியாகுமா? ஆகாது, இரண்டிரண்டாகச் சேர்ந்து ஹைட்ரஜன் மூலக்கூறுகளாகிவிடும் என்பதைப் பள்ளி மாணவரும் சொல்வார். பையர்ல்ஸ் கணக்கிட்டுக் கண்டதும், வேதியியலர் பிணைப்பு என்று சொல்வதும் ஒரே நிகழ்வின் இரண்டு முகங்கள் என்பதை ரோல்டு ஹாஃப்மன் 1980-களில் வேதியியலருக்காக எழுதிய கட்டுரைகளில் விரிவாக விளக்கினார்.

ஆனால் பாலிஅசிட்டிலீனில் கார்பன் அணுக்கள் ஹைட்ரஜனைப் போல் தம் இஷ்டத்துக்கு நகர முடியாது. மற்ற மூன்று எலக்ட்ரான்களும் சேர்ந்து கட்டிய உறுதியான எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. அதை நெருக்கவும் இழுக்கவும் ஆற்றல் செலவாகும். வரவு எலக்ட்ரான்களிடமிருந்து, செலவு எலும்புக்கூட்டுக்கு. எது மிஞ்சும்?

1979-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வூ-பெய் சூ, ஜான் ராபர்ட் ஷ்ரீஃபர், ஆலன் ஹீகர் ஆகிய மூவரும் இந்த வரவு செலவுக் கணக்கைப் பாலிஅசிட்டிலீனுக்கென்றே ஓர் எளிய மாதிரியாக எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட எண்கள் மூன்றே. எலக்ட்ரான் ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்குத் தாவும் வலு 2.5 எலக்ட்ரான் வோல்ட். அணுக்கள் ஒன்றையொன்று ஓர் ஆங்ஸ்ட்ராம் நெருங்கினால் அந்த வலு கூடும் வீதம் 4.1 எலக்ட்ரான் வோல்ட். எலும்புக்கூட்டின் விறைப்பு, ஆங்ஸ்ட்ராமின் வர்க்கத்துக்கு 21 எலக்ட்ரான் வோல்ட். ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு.

இந்த எண்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒவ்வோர் அணுவும் 0.01 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்தால், அணு ஒன்றுக்குச் செலவு 4.2 மில்லி எலக்ட்ரான் வோல்ட், வரவு சுமார் 7.4. லாபம். 0.04 ஆங்ஸ்ட்ராம் நகர்ந்தால் செலவு 67, வரவு 80. இன்னும் லாபம், முன்னைவிடக் கூடுதல். 0.08 ஆங்ஸ்ட்ராமுக்குப் போனால் செலவு 269, வரவு 248. நட்டம். ஆக, 0.04 ஆங்ஸ்ட்ராம் அருகே சங்கிலி நின்றுவிடுகிறது. அந்த நிலையில் திறந்திருக்கும் இடைவெளி சுமார் 1.3 எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பநிலையில் ஓர் எலக்ட்ரானுக்கு வெப்பத்திலிருந்து கிடைப்பது 0.025 எலக்ட்ரான் வோல்ட்தான். அதைக் கொண்டு அவ்வளவு பெரிய இடைவெளியைத் தாண்ட முடிவது மிகச் சில எலக்ட்ரான்களால் மட்டுமே.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நகர்வு சிறிதாகச் சிறிதாக வரவும் செலவும் இரண்டும் குறைகின்றன, ஆனால் வரவு செலவைவிட மெதுவாகக் குறைகிறது. 0.04 ஆங்ஸ்ட்ராமில் வரவு செலவைப் போல் 1.2 மடங்கு. 0.01-இல் 1.75 மடங்கு. 0.001-க்கு வந்தால் 2.7 மடங்கு. நகர்வை எவ்வளவு குறைத்தாலும் வரவே முந்துகிறது. செலவு நகர்வின் வர்க்கத்தைப் பொறுத்தது. வரவில் அந்த வர்க்கத்தோடு ஒரு மடக்கைக் காரணியும் சேர்ந்து பெருக்குகிறது. அந்த மடக்கைக் காரணி சிறு நகர்வுகளில் வளர்ந்துகொண்டே போகும். எனவே சம தூரம் என்ற நிலை ஒரு குன்றின் உச்சி. சங்கிலி அங்கே நிற்க முடியாது. எலும்புக்கூடு எவ்வளவு விறைப்பாக இருந்தாலும் கோட்பாட்டளவில் அது உருக்குலைந்தே தீரும்.

விறைப்பு தீர்மானிப்பது எவ்வளவு உருக்குலைகிறது என்பதை மட்டுமே. அதையோ மிகக் கடுமையாகத் தீர்மானிக்கிறது. மேற்சொன்ன கணக்கில் விறைப்பை மட்டும் இரட்டித்தால் நகர்வு பாதியாகும் என்று தோன்றும். உண்மையில் அது 0.003 ஆங்ஸ்ட்ராமுக்கு, ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்குக்குச் சரிகிறது. இடைவெளியும் 0.1 எலக்ட்ரான் வோல்ட் ஆகிவிடுகிறது. அணுக்கள் குவாண்டம் விதிப்படி எந்நேரமும் அதிர்ந்துகொண்டிருக்கும் அளவே அதைவிடப் பெரிது என்பதால், அவ்வளவு சிறிய உருக்குலைவு நிஜத்தில் தாக்குப்பிடிக்காமலும் போகலாம்.

கணக்கு இருக்கட்டும், அணுக்கள் நிஜமாகவே இணை சேர்ந்திருக்கின்றனவா? பாலிஅசிட்டிலீன் நல்ல படிகமாக வளர்வதில்லை. எக்ஸ்கதிரில் கிடைக்கும் தடயம் மங்கலானது. 1983-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் யானோனியும் கிளார்க்கும் வேறு வழியில் இதை அணுகினார்கள். சாதாரணக் கார்பனின் அணுக்கருவுக்குக் காந்தத் தன்மை இல்லை, கார்பன்-13க்கு உண்டு. மூலக்கூறில் உள்ள இரு கார்பன்களும் கார்பன்-13 ஆக இருக்கும்படி தயாரித்த அசிட்டிலீனைச் சாதாரண அசிட்டிலீனோடு சிறிதளவு கலந்து பாலிமராக்கினார்கள். சங்கிலியில் ஆங்காங்கே ஒரு கார்பன்-13 சோடி, சுற்றிலும் காந்தமற்ற கார்பன்கள். சோடியில் உள்ள இரு அணுக்கருக்களும் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று உணரும். அந்தத் தாக்கம் தூரத்தின் மும்மடியைப் பொறுத்து மாறுவதால், சிறு தூர வேறுபாடும் அணுக்கரு காந்த ஒத்ததிர்வில் தெளிவாகத் தெரியும். அளந்தபோது ஒரே ஒரு தூரம் கிடைக்கவில்லை. 1.36 ஆங்ஸ்ட்ராம், 1.44 ஆங்ஸ்ட்ராம் என இரண்டு கிடைத்தன. முன்னது இரட்டைப் பிணைப்புக்கு நெருக்கம், பின்னது ஒற்றைப் பிணைப்புக்கு நெருக்கம்.

இதே சங்கிலியின் சிறிய துண்டைச் சமையலறையிலும் பார்க்கலாம். கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டீனில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்புமாக மாறிமாறி வரும் 22 கார்பன்கள் தொடராக உள்ளன. அவை எல்லாம் சம தூரத்தில் இருந்திருந்தால், முன்பு பார்த்த அதே 2.5 எலக்ட்ரான் வோல்ட் தாவும் வலுவை வைத்துக் கணக்கிட, நிரம்பிய கடைசி மட்டத்துக்கும் காலியான முதல் மட்டத்துக்கும் இடையே சுமார் 0.7 எலக்ட்ரான் வோல்ட்தான் இருக்கும். அப்படியானால் அது உறிஞ்சுவது 1,800 நானோமீட்டர் அருகே உள்ள அகச்சிவப்புக் கதிரை. ஆனால் பீட்டா கரோட்டீன் உறிஞ்சுவது 450 நானோமீட்டர் அருகே உள்ள நீல ஒளியை. நீலம் போக மிஞ்சுவதுதான் கேரட்டின் ஆரஞ்சு.

சம தூரச் சங்கிலி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கும் நிஜமான சான்று இருக்கிறது. சயனின் சாயங்கள் என்றொரு குடும்பம் உண்டு. அவற்றில் கார்பன் தொடரின் இரு முனைகளிலும் ஒரே மாதிரியான நைட்ரஜன் அணுக்கள். எந்த முனையிலிருந்து இரட்டைப் பிணைப்பை எண்ணத் தொடங்கினாலும் சமமே என்பதால், பிணைப்புகள் ஏறத்தாழ ஒரே நீளத்தில் அமைகின்றன. இத்தொடரில் இரண்டு கார்பன்களைக் கூட்டினால் உறிஞ்சும் அலைநீளம் ஏறத்தாழ 100 நானோமீட்டர் தாண்டும், அடுத்த இரண்டுக்கு இன்னொரு 100. கண்ணின் ரத்தக் குழாய்களைப் படமெடுக்க மருத்துவர்கள் ஊசியில் செலுத்தும் இண்டோசயனின் கிரீன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. நைட்ரஜனையும் சேர்த்து எண்ணினால் அதன் தொடரில் 11 அணுக்கள், பீட்டா கரோட்டீனின் பாதி. ஆனாலும் அது ரத்தத்தில் 800 நானோமீட்டர் அருகே, அகச்சிவப்பின் விளிம்பில் உறிஞ்சுகிறது. கரோட்டீனின் குடும்பத்தில் கார்பன்களைக் கூட்டிக்கொண்டே போனால் ஒவ்வொரு முறையும் அலைநீளம் தாண்டும் அளவு சிறுத்துக்கொண்டே வந்து, அலைநீளம் ஓர் எல்லையில் நின்றுவிடும். அந்த எல்லைதான் பாலிஅசிட்டிலீனின் இடைவெளி.

ஷிராகாவாவின் படலத்துக்குத் திரும்புவோம். வெள்ளி நிறத்தில் ஒரு பாலிமர் இருப்பதைக் கேள்விப்பட்ட ஆலன் மக்டயர்மிட் அவரைப் பென்சில்வேனியாவுக்கு அழைத்தார். அங்கே ஹீகரும் சேர்ந்துகொள்ள, 1976-இல் படலத்தை அயோடின் போன்ற ஹாலஜன் ஆவியில் வைத்துச் சோதித்தார்கள். மின்கடத்துத்திறன் ஒரு கோடி மடங்கு வரை உயர்ந்தது. 1977-இல் முடிவுகள் வெளியாயின. 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு மூவருக்கும் கிடைத்தது.

அயோடின் செய்தது என்ன? அது சங்கிலியிலிருந்து எலக்ட்ரான்களைப் பிடுங்கிக்கொள்கிறது. அணுவுக்கு ஓர் எலக்ட்ரான் என்ற கணக்கு உடைகிறது, அதோடு இரண்டிரண்டாக இணை சேரும் காரணமும் அங்கங்கே தளர்கிறது. இணை சேர்வதில் சங்கிலிக்கு இரண்டு வழிகள் சமமாக இருந்தன என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்றும் இரண்டும் சேரலாம், அல்லது இரண்டும் மூன்றும் சேரலாம். சங்கிலியின் ஒரு பகுதி ஒரு வழியிலும் மறு பகுதி மற்ற வழியிலும் இணை சேர்ந்தால், நடுவே இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு கோளாறு விழும். சூ, ஷ்ரீஃபர், ஹீகர் கணக்கின்படி அந்தக் கோளாறு ஓர் அணுவில் நின்றுவிடாமல் பதினைந்து அணுக்கள் வரை பரந்து கிடக்கிறது. அங்கே பிணைப்புகள் ஏறத்தாழச் சம நீளத்துக்கு வருகின்றன. இடைவெளியின் சரியான நடுவில் ஒரு புதிய மட்டம் முளைக்கிறது. எலக்ட்ரான் பிடுங்கப்பட்டதால் எஞ்சிய நேர்மின்னூட்டத்தை இந்தக் கோளாறு சுமந்துகொண்டு சங்கிலியில் நகர முடியும். இதைச் சாலிடான் என்கிறார்கள். சிறிதளவு அயோடின் ஏற்றிய படலத்தில் ஒளியைச் செலுத்தியபோது, இடைவெளியின் ஏறத்தாழப் பாதி ஆற்றலில் புதிய உறிஞ்சல் தோன்றியது. நடு மட்டம் நிஜம் என்பதற்கு அதுவே அடையாளமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

இவ்வளவும் பையர்ல்ஸின் வாதத்துக்குச் சாதகமாகவே ஒலிக்கிறது. ஆனால் கணக்கின் எண்களை மறுபடி பார்த்தால் ஒரு நெருடல் தெரியும். மாதிரி சொன்ன நகர்வு 0.04 ஆங்ஸ்ட்ராம். அளவீடுகளிலிருந்து வருவதோ 0.03-க்கு அருகில்தான். இடைவெளி மட்டும் அளவீட்டோடு பொருந்தியதற்குக் காரணம், மூன்று எண்களில் ஒன்றான 4.1-ஐ, இடைவெளி சரியாக வரும்படி பார்த்துத் தேர்ந்துகொண்டதுதான். உருக்குலைவு மட்டுமே இடைவெளியைத் திறக்கிறது என்று வைத்துக்கொண்டால், அளந்த உருக்குலைவு அளந்த இடைவெளிக்குப் போதவில்லை. விடுபட்டது எது என்பதும் தெரிந்ததே. பையர்ல்ஸின் வாதத்தில் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பொருட்படுத்துவதில்லை. உண்மையில் அவை எதிர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று விலக்குபவை. ஓர் அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே நேரத்தில் நிற்பதற்கு அந்த விலக்கம் தடை போடுகிறது. அந்தத் தடையே தனியாக ஓர் இடைவெளியைத் திறக்க வல்லது. 1972-இல் ஹட்சனும் கோலரும் கார்பன் தொடர் கொண்ட ஒரு சிறு மூலக்கூறில், ஒளியை வலுவாக உறிஞ்சும் நிலைக்குக் கீழே ஒளியோடு ஏறத்தாழத் தொடர்பற்ற இன்னொரு நிலை இருப்பதைக் கண்டார்கள். எலக்ட்ரான்களைத் தனித்தனியாகக் கணக்கிடும் எந்தப் படத்திலும் அது அந்த இடத்தில் வராது. பாலிஅசிட்டிலீனில் உருக்குலைவும் விலக்கமும் கைகோத்தே இடைவெளியை உண்டாக்குகின்றன என்பதே இன்று நியாயமாகச் சொல்லக்கூடியது.

பாலிஅசிட்டிலீனில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். வெப்பமேற்றி இணைகளைப் பிரித்து மறுபடி சம தூரத்துக்குக் கொண்டுவந்து சோதிக்கலாம் என்றால், பையர்ல்ஸ் கோட்பாட்டின் எளிய கணக்கில் அதற்கு 4,000 டிகிரிக்கு மேல் தேவை. பாலிமர் அதற்கு வெகு முன்பே சிதைந்துபோகும். இந்த வசதி உள்ள பொருள் வனேடியம் டைஆக்சைடு. அதில் வனேடியம் அணுக்கள் ஒரு திசையில் சங்கிலிகளாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு வனேடியத்துக்கும் மிஞ்சுவது ஒற்றை எலக்ட்ரான். 68 டிகிரி செல்சியஸுக்கு மேலே அணுக்கள் சுமார் 2.85 ஆங்ஸ்ட்ராம் சம தூரத்தில் நிற்கின்றன, பொருள் உலோகம். அதற்குக் கீழே குளிர்ந்தால் அணுக்கள் சுமார் 2.6, 3.1 என நெருக்கமும் விலகலுமாக இணை சேர்கின்றன. மின்கடத்துத்திறன் பல்லாயிரம் மடங்கு விழுகிறது. பெல் ஆய்வகத்தில் மோரின் 1959-இல் இதைக் கண்டார். பாடநூலில் வரைந்துவைத்த பையர்ல்ஸ் படம் போலவே இருக்கிறது.

அப்படியே ஏற்றுக்கொள்ளவிடாமல் செய்தது 1970-களில் பூஷே, ரைஸ் குழுவினரின் வேலை. வனேடியம் டைஆக்சைடில் சிறிது குரோமியம் கலந்தாலோ, படிகத்தை ஒரு திசையில் அழுத்தினாலோ, இன்னொரு படிக அமைப்பு கிடைக்கிறது. அதில் பாதிச் சங்கிலிகள் மட்டுமே இணை சேர்கின்றன. மறு பாதியில் வனேடியம் அணுக்கள் சற்றுப் பக்கவாட்டில் வளைந்தாலும் சம தூரத்திலேயே நிற்கின்றன. இணை சேர்வதுதான் இடைவெளிக்கு ஒரே காரணம் என்றால் அந்தச் சம தூரச் சங்கிலிகள் உலோகமாக இருக்க வேண்டும். அவை உலோகமாக இல்லை. அவற்றில் ஒவ்வோர் எலக்ட்ரானும் தன் வனேடியத்திலேயே தங்கி, சிறு காந்தமாக நடந்துகொள்கிறது. படிகம் முழுவதும் மின்கடத்தாப் பொருளாகவே இருக்கிறது.